தீபாவளி முடிந்தபின் வேலை செய்யும் வரி

தீபாவளிக்கு மறுவாரம் எந்த ஊர் ஜவுளிக்கடைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். முந்தின வாரம் கால் வைக்க இடமில்லாமல் இருந்த தளத்தில் விற்பனையாளர்கள் கலைந்துபோன அடுக்குகளைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். சைஸ் உடைந்த சட்டைகளைத் தனியே பிரித்துக் கட்டிவைப்பார்கள். கல்லாவில் ஓர் ஆள் மட்டும் இருப்பார். 2026-ல் தீபாவளி நவம்பர் 8. அடுத்த பெரிய வியாபாரமான பொங்கல் 2027 ஜனவரி 15. நடுவில் 68 நாள். அந்த நாட்களுக்கும் வாடகை உண்டு, சம்பளம் உண்டு, கரண்ட் பில் உண்டு. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்குக் கறுப்பு, நீல வேட்டி கொஞ்சம் போகும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வாடிக்கை வரும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாண ஜவுளியைப் பலர் தை பிறக்கட்டும் என்று தள்ளிவைத்துவிடுவார்கள்.

கடையில் இப்படி ஆள் இல்லாமல் இருக்கும் அதே வாரத்தில், தீபாவளிக்குத் துணி எடுத்த வீடுகளில் பாதி வேலை முடியாமல் கிடக்கும். பையனின் சட்டை தோளில் பிடிக்கிறது. அப்பாவின் பேன்ட் நீளம் இன்னும் வெட்டவில்லை. அம்மாவின் சேலைக்கு ஃபால்ஸ் வைக்க டெய்லரிடம் கொடுக்க நேரமில்லை, அப்படியே கட்டிவிட்டு மடித்து வைத்திருக்கிறார். அக்காவின் பாவாடைக்குப் பொருத்தமான நிறத்தில் துப்பட்டா கிடைக்கவில்லை, இருந்ததை வைத்து ஒப்பேற்றியாயிற்று. பண்டிகைக் கூட்டத்தில் அவசர அவசரமாக எடுத்த துணியில் இதெல்லாம் தவிர்க்க முடியாதது.

கடைக்கு ஆள் வேண்டும். வீட்டில் வேலை பாக்கி இருக்கிறது. இரண்டையும் இணைக்கக்கூடிய இரண்டு பொருட்களைக் கடை ஏற்கெனவே வாடிக்கையாளர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறது. ஒன்று பில், இன்னொன்று பை. இரண்டிலும் ஏதோ ஒரு வரி அச்சாகியிருக்கிறது. அந்த வரி என்ன சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பில்லில் இப்போது என்ன இருக்கிறது?

வீட்டில் கிடக்கும் ஜவுளி பில்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் அடியில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று இருக்கும். மரியாதையான வரி, தப்பே இல்லை. ஆனால் எப்போது வர வேண்டும், எதற்காக வர வேண்டும் என்று அது சொல்வதில்லை. அதனால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

இதற்கு மேலேயோ கீழேயோ இன்னொரு வரி பல பில்களில் இருக்கும்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’. ‘மீண்டும் வருக’ என்ற அதே தாளில் ‘வராதே’ என்றும் சொல்லும் வரி இது. சட்டையை மாற்றலாமா என்று யோசித்துப் பில்லை எடுத்துப் பார்க்கிறவர், இதைப் படித்ததும் பில்லை மடித்து வைத்துவிடுவார். கடைக்குத் திரும்பி வரத் தயாராக இருந்த ஒருவரைக் கடையே வாசலில் நிறுத்திவிடுகிறது.

இந்த வரிக்குச் சட்டத்திலும் முழு ஆதரவு கிடையாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள்ளும் எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். சாயம் போகிற சேலை, தையல் விட்ட சட்டை, நெசவில் ஓட்டை உள்ள வேட்டி எல்லாம் இதில் வரும். ‘சைஸ் சரியில்லை’, ‘கலர் பிடிக்கவில்லை’ என்பவை குறை ஆகாது. அவற்றை மாற்றித் தருவது கடையின் விருப்பம். கடைக்காரர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றைத் தானாகச் செய்கிற கடை, அதைப் பில்லில் எழுதினால்தானே வாங்கியவருக்குத் தெரியும்?

ஆகவே பண்டிகைப் பில்லில் இருக்க வேண்டிய வரி, கூட்டத்தில் முடியாமல் போன வேலையை முடித்துத் தருகிறோம் என்ற வாக்கு. ‘வருக’ என்ற அழைப்புக்குப் பதிலாக, வருவதற்கு ஒரு காரணமும் ஒரு நாளும்.

நாலு வரி எழுதுவது எப்படி?

ஒரு நடுத்தர ஊரில் இரண்டு தளம் உள்ள ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். தீபாவளி சீசனில் நாலாயிரம் பில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடை இப்படி எழுதலாம்:

சைஸ் சரியில்லையா? மாற்றித் தருகிறோம்.
நவ. 7 வரை காலை 9–11. நவ. 9 முதல் 30 வரை நாள் முழுக்க.
பில், டேக் வேண்டும். துவைத்தது, உள்ளாடை மாற்ற இயலாது.
இங்கே எடுத்த சேலைக்கு நவ. 30 வரை ஃபால்ஸ் இலவசம்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. முதல் வரி கேள்வியில் தொடங்குகிறது. வீட்டில் சட்டையைப் போட்டுப் பார்த்தவர் மனசில் இருப்பதும் அதே கேள்விதான், அதனால் கண் அங்கே நிற்கும்.

இரண்டாவது வரியில் இரண்டு தேதி இருப்பது முக்கியம். பல கடைகள் ‘மாற்றுவதெல்லாம் தீபாவளி முடிந்தபிறகு’ என்று போட்டுவிடுகின்றன. கூட்டத்தைச் சமாளிக்க அது வசதிதான். ஆனால் இரண்டு வாரம் முன்னதாகவே வந்து எடுத்த வாடிக்கையாளருக்குப் பண்டிகைக்கு முன்பே சரியான சைஸ் வேண்டும். பண்டிகை அன்று குழந்தை இறுக்கமான சட்டையோடு நின்றால், அடுத்த நாள் எத்தனை மாற்றிக் கொடுத்தாலும் அந்த வீட்டின் மனக்குறை போகாது. கடை திறந்ததும் முதல் இரண்டு மணி நேரம் கூட்டம் குறைவு. அந்த நேரத்தை முன்னால் வந்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

மூன்றாவது வரி நிபந்தனை. இதை மறைத்துவைத்து, வந்தபிறகு கவுன்டரில் சொன்னால் சண்டைதான். டேக் வேண்டும், துவைத்திருக்கக் கூடாது, உள்ளாடை கிடையாது. இந்த மூன்றையும் முன்கூட்டியே எழுதிவிட்டால் வருகிறவர் தயாராக வருவார். வெட்டிக் கொடுத்த துணி, தைத்த ரவிக்கை மாதிரியான வகைகளையும் கடையின் வழக்கப்படி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனைகள் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் வாக்கை அவை விழுங்கிவிடும்.

நான்காவது வரி இந்தப் பில்லின் உயிர். ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கிறவர் ஒருமுறை கொடுக்க வருவார், மறுபடி வாங்க வருவார். ஒரே வாக்கு, இரண்டு வருகை. சேலையைக் கொடுக்க வருகிறவர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. துணைக்கு வருகிறவர், டெய்லர் அளவு பார்க்கிற நேரத்தில் பக்கத்து அலமாரியைப் பார்ப்பார். ரவிக்கைத் துணியும் உள்பாவாடையும் ஃபால்ஸ் தைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால், அந்தச் சேலைக்கு வேண்டியது அங்கேயே எடுபடும்.

தலை தீபாவளிப் பில்லுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒரு வரி சேர்ப்பது பொருத்தம். மகளுக்கும் மருமகனுக்கும் தலை தீபாவளிக்கு எடுத்த வீடு, தலைப் பொங்கலுக்கும் எடுத்தே ஆக வேண்டும். ‘பொங்கல் சீர் ஜவுளிக்கு மார்கழியிலேயே வந்து தேர்ந்தெடுத்து வைக்கலாம், தை பிறந்ததும் பில் போடலாம்’ என்ற வசதியைச் சொன்னால், மார்கழியில் வாங்க மனசில்லாதவரும் பார்த்து வைக்க வருவார். எடுத்து வைத்த துணியைப் பெயர் எழுதி, தேதி போட்டுத் தனி அலமாரியில் வைக்க வேண்டும். அதை வேறொருவருக்கு விற்றுவிடக் கூடாது.

அந்த வரி கண்ணில் படுமா?

வாசகம் சரியாக இருந்தும் வேலை செய்யாமல் போவதற்கு முதல் காரணம் அது பில்லில் இருக்கும் இடம். ஜவுளி பில்லில் வாடிக்கையாளர் கட்டாயம் பார்க்கும் இடம் ஒன்றுதான், மொத்தத் தொகை. அதற்குக் கீழே ஜிஎஸ்டி பிரிவு, பணம் கட்டிய விவரம், விற்பனையாளர் எண், கவுன்டர் எண் என்று ஒரு பத்து வரி ஓடும். வாசகம் அதற்கும் கீழே போனால் யாரும் படிக்க மாட்டார்கள். தொகைக்கு அடுத்தபடியாக ஒரு கோடு போட்டு, உடனே இந்த நாலு வரி வர வேண்டும். வரி விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டியவை, ஆனால் அவை அதற்குக் கீழே இருந்தால் போதும். பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கிறவரிடம் சொன்னால் இந்த அமைப்பை மாற்றிக் கொடுப்பார்.

அடுத்தது தமிழ் எழுத்து. கடைகளில் உள்ள தெர்மல் பிரிண்டரில் மையே கிடையாது. வேதிப்பூச்சு உள்ள தாளைச் சூடான முனை தொடும் இடமெல்லாம் கறுக்கிறது, அவ்வளவுதான். 80 மில்லிமீட்டர் தாளில் வழக்கமான அளவு ஆங்கில எழுத்து வரிக்கு 48 வரை விழும், 58 மில்லிமீட்டர் தாளில் 32. அந்த எழுத்துகள் பிரிண்டருக்குள்ளேயே பதிவாகி இருப்பவை. தமிழ் பெரும்பாலான பிரிண்டர்களில் அப்படி இல்லை. தமிழ் வரியை மென்பொருள் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் தமிழுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வரிசையாக வந்து நிற்கும். பழைய பிரிண்டரில் படம் போவதற்குச் சற்று நேரமும் ஆகும். பண்டிகைக் கூட்டத்தில் பில்லுக்கு இரண்டு விநாடி கூடினாலும் வரிசை நீளும். இதற்கு ஒரு வழி உண்டு. கடையின் சின்னத்தைப் பிரிண்டரின் நினைவகத்தில் ஏற்றி வைப்பதுபோல இந்த நாலு வரியையும் ஒரே படமாக ஏற்றிவிடலாம். அதன்பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் அனுப்பத் தேவையில்லை. தேதி மாறும்போது மறக்காமல் புதுப் படத்தை ஏற்ற வேண்டும். பொங்கலுக்கு ‘நவ. 30 வரை’ என்று பில் வந்தால், அடுத்த முறை எந்தத் தேதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தாள் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த வாசகம் பில்லை இரண்டு சென்டிமீட்டர் நீட்டினால், நாலாயிரம் பில்லுக்கு 80 மீட்டர் தாள் கூடும். 50 மீட்டர் ரோலில் இரண்டுகூட முழுதாகச் செலவாகாது.

தாள் செலவைவிடப் பெரிய சிக்கல் முத்திரையில் இருக்கிறது. ஜவுளிக்கடையில் பில் போட்டதும் பணம் கட்டும் இடம், பிறகு டெலிவரி கவுன்டர். அங்கே துணியை எண்ணிப் பையில் போட்டு, பில்லின் மேல் ஒரு முத்திரை குத்துவார்கள். வாசலில் காவலாளி பில்லை வாங்கி ஓர் ஓட்டை போடுவார். முத்திரை எங்கே விழும்? பில்லின் அடிப்பகுதியில், வெள்ளையாகத் தெரிகிற இடத்தில். அதாவது நாம் பார்த்துப் பார்த்து எழுதிய வாக்கின் மேல். சோதனைக்கு நூறு பில் போனதும், டெலிவரி ஆன பில்லை வாங்கி அந்த வரி வாசிக்க முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். முத்திரைக்கு என்று பில்லின் தலைப்பகுதியில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இன்னொன்று, தெர்மல் பில் நாளாவட்டத்தில் வெளுக்கும். வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வைத்தாலும், எண்ணெய்க் கை பட்டாலும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் சீக்கிரம் வெளுக்கும். நவம்பர் 30 வரை மாற்றித் தருவதாகச் சொன்ன கடை, வெளுத்த பில்லோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. பில் எண் கணினியில் இருக்கிறது. அதுவும் தெரியாவிட்டால், வாங்கிய தேதியையும் டேக்கில் உள்ள பார்கோடையும் வைத்துத் தேடி எடுக்கலாம். தேடத் தெரிந்த ஒருவரையாவது அந்தக் கவுன்டரில் உட்கார வைக்க வேண்டும்.

பையில் தேதி வேண்டாம்

பில்லில் எழுதியதையே பையிலும் எழுதுவது பல கடைகள் செய்யும் தப்பு. பில் ஒரு வீட்டுக்குள், ஒரு மாதத்துக்குள் படிக்கப்படுவது. பை ஊர் பார்ப்பது, வருஷக்கணக்கில் இருப்பது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு, அவை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், தடை உள்ளது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. இப்போது ஜவுளிக்கடை கொடுப்பது காகிதப் பை, அல்லது காடாத் துணிப் பை. நல்ல துணிப் பை தீபாவளி முடிந்ததும் காய்கறி வாங்கப் போகும், ரேஷன் கடைக்குப் போகும், பஸ்ஸில் ஊருக்குப் போகும்.

அதனால் ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்ற பெரிய எழுத்தோடும் மத்தாப்புப் படத்தோடும் பை அடித்தால், அந்தப் பைக்கு ஆயுள் இரண்டு வாரம்தான். மார்கழியில் அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக யாருக்கும் தோன்றாது. மிஞ்சிய பைகளைக் கடையும் அடுத்த தீபாவளிவரை கட்டிவைக்க வேண்டியதுதான். தீபாவளிப் பைகளுக்குக் கடைகள் பல மாதம் முன்பே ஆர்டர் கொடுத்துவிடுகின்றன. அப்போது மாற்றும் தேதியெல்லாம் முடிவாகியிருக்காது. தேதி உள்ள எதையும் பில்லுக்கு விட்டுவிட்டு, பையில் வருஷம் முழுக்கப் பொருந்தும் ஒரே ஒரு சேவையைச் சொல்வதுதான் சரி. ஒரு பக்கம் கடைப் பெயரும் தெருவும். மறுபக்கம், ‘சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி. சேலையோடு வாருங்கள், பார்த்து எடுத்துத் தருகிறோம்’ என்பது போல. பையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு மட்டுமல்ல, எதிரே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது செய்திதான். நம் கடையில் எடுத்த சேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா? எதிரில் இருப்பவரையும் சேர்த்து அழைக்கும் வரி அது.

துணிப் பையில் அச்சடிப்பது ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், ஒரு தடவை இழுப்பு. நிறம் கூடக் கூடச் செலவும் கூடும், நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று விலகி விழும் வாய்ப்பும் கூடும். ஒரே நிறம் போதும். கவனிக்க வேண்டியது எழுத்தின் அளவு. காடாத் துணியின் நெசவு சொரசொரப்பானது. மை இழைகளுக்கு நடுவே பரவும். சின்ன எழுத்தில் அடித்தால் ‘ண’, ‘ழ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் மை அடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். புள்ளி போனால் வார்த்தையே வேறாகிவிடும். சாய்வெழுத்து, நிழல் விழும் எழுத்து எதுவும் வேண்டாம். தடித்த, நேரான எழுத்தில், மறுபக்கத்துக்கு ஆறேழு வார்த்தைக்கு மேல் போகாமல் வைத்தால் நாலடி தூரத்திலிருந்து படிக்கலாம். மொத்த ஆர்டருக்கு முன் அதே துணியில் ஒரு மாதிரிப் பை அடித்து, அதை ஒருமுறை துவைத்தும் பார்க்க வேண்டும். காகிதத்தில் அடித்துக் காட்டும் மாதிரியை நம்ப முடியாது. போன் நம்பரைப் பெரிதாகப் போடலாம். க்யூஆர் கட்டத்தைத் துணியில் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. சுருங்கிய பையில் அதைப் போன் படிக்காது. அது பில்லுக்குத்தான் பொருந்தும்.

பைக்குக் காசு வாங்கலாமா என்ற கேள்வியும் இங்கே வருகிறது. 2019-ல் சண்டிகரில் ஒரு பெரிய காலணிக் கடை, தன் விளம்பரம் அச்சிட்ட காகிதப் பைக்கு மூன்று ரூபாய் வாங்கியது. வாங்கியவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். வாடிக்கையாளரைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டு அவரிடமே காசு வாங்குவது தப்பு என்று மன்றம் சொல்லி, கடை 9,000 ரூபாய் தர உத்தரவிட்டது. மூவாயிரம் ரூபாய்க்கு ஜவுளி எடுத்தவர் பில்லில் ‘பை – 10’ என்று ஒரு வரியைப் பார்த்தால், அந்தப் பையில் என்ன அன்பான வாசகம் இருந்தாலும் அது எடுபடாது. தடித்த துணிப் பைக்கு விலை வைக்கத்தான் வேண்டும் என்றால், பில் போடும் முன்பே சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

கவுன்டரில் என்ன நடக்கிறது?

அச்சிட்ட வாக்கு கடைசியில் வந்து சேரும் இடம் கவுன்டர். தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் ஓர் அம்மா பையனின் சட்டையோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“தம்பி, இது பையனுக்கு இறுக்குது. இருபத்தெட்டு எடுத்தோம், முப்பது வேணும்.”

கவுன்டரில் இருப்பவர் சட்டையைப் பார்க்கிறார். டேக் இருக்கிறது, துவைக்கவில்லை. ஆனால் அந்த டிசைனில் முப்பது தீர்ந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஓடுகிற சைஸ்தான் முதலில் தீரும். இங்கே இரண்டு விதமான பதில் உண்டு.

“அந்த சைஸ் இல்லைங்கம்மா” என்று நிறுத்திவிட்டால் பில்லில் எழுதிய வாக்கு பொய்யாகிவிட்டது. அந்த அம்மா பஸ் செலவு செய்து வந்திருக்கிறார்.

“அதே டிசைன் முடிஞ்சிருச்சுங்கம்மா. அதே விலையில முப்பது சைஸ் எல்லாத்தையும் எடுத்து வைக்கிறேன், பாருங்க. எதுவும் பிடிக்கலைன்னா இந்தத் தொகைக்கு கிரெடிட் நோட் போட்டுத் தர்றேன். பொங்கலுக்கு வந்து கழிச்சுக்கலாம்.” இது இரண்டாவது பதில். இதைச் சொல்ல வேண்டுமானால் அந்த மாதத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு சைஸ்களைத் தனியே பிரித்து, கவுன்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். கிரெடிட் நோட் போட அந்தக் கவுன்டரில் இருப்பவருக்கே அதிகாரம் இருக்க வேண்டும். ‘முதலாளி சாப்பிடப் போயிருக்கார், உட்காருங்க’ என்பது வேலைக்கு ஆகாது. கிரெடிட் நோட்டில் போடும் கெடு பொங்கலைத் தாண்டி இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த அம்மா இந்த இடைவெளியைத் தாண்டி இன்னொரு முறை வருவார்.

விற்பனையாளர்களின் கமிஷனையும் இங்கே பார்க்க வேண்டும். மாற்றித் தந்த சட்டைக்கு, முதலில் விற்றவரின் கமிஷனைக் கழிக்கிற கடைகள் உண்டு. அப்படி இருந்தால் மாற்ற வந்தவரிடம் விற்பனையாளர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒரே விலையில் மாற்றினால் கமிஷனைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்?

தீபாவளிக்குப் பிறகு பழைய வாடிக்கையாளர் 120 பேர் வந்து வாங்கினார்கள் என்றால், எல்லாம் பில்லில் போட்ட வரியால் என்று கடைக்காரர் சந்தோஷப்படக் கூடாது. அவர்களில் பலர் அந்த வரி இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மாற்றித் தருகிற வாக்கு எல்லா பில்லிலும் இருக்கட்டும். ஃபால்ஸ் போன்ற கூடுதல் வரியை மட்டும் இரண்டு பில்லிங் கவுன்டரில் ஒன்றில் போட்டு, மற்றதில் போடாமல் விடுங்கள். எந்தக் கவுன்டரில் வரி வருகிறது என்பதை நாள்தோறும் மாற்றுங்கள். இல்லையென்றால் பெண்கள் பிரிவுக் கவுன்டருக்கும் ஆண்கள் பிரிவுக் கவுன்டருக்கும் உள்ள வித்தியாசம் கணக்கைக் கெடுத்துவிடும். திரும்ப வந்தவர் யார் என்பதை, இரண்டு கவுன்டரிலும் அவர்களாகவே விரும்பிக் கொடுத்த போன் நம்பரை வைத்துப் பாருங்கள். போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கணக்கைச் சின்ன எண்களில் போட்டுப் பார்ப்போம். வரி உள்ள 2,000 பில்லில் 120 பேர், வரி இல்லாத 2,000 பில்லில் 80 பேர் மறுபடி வந்து வாங்கினார்கள். அப்படியானால் அந்த வரி அழைத்து வந்தவர்கள் 40 பேர்தான். சராசரி பில் 1,500 ரூபாய், அதில் கடைக்கு நிற்பது 25 சதவீதம் என்று வைத்தால் ஒரு பில்லுக்கு 375 ரூபாய்.

அந்த வரியில் ஃபால்ஸுக்குப் பதிலாக ‘அடுத்த முறை 10 சதவீதத் தள்ளுபடி’ என்று இருந்து, இதே ஆட்கள் வந்திருந்தால் என்ன ஆகும்? 40 பேரிடம் ஆளுக்கு 150 ரூபாய் தள்ளுபடி போக 225 ரூபாய், மொத்தம் 9,000 ரூபாய் நிற்கும். ஆனால் எப்படியும் வரவிருந்த 80 பேரும் அதே பில்லைக் காட்டி 150 ரூபாய் கழித்துக்கொள்வார்கள். அதில் போவது 12,000 ரூபாய். ஆக, கடைக்கு 3,000 ரூபாய் நஷ்டம். கூட்டம் வந்தது, கல்லாவும் நிறைந்தது, ஆனாலும் நஷ்டம். தள்ளுபடிக் கூப்பனில் பல கடைகள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

ஃபால்ஸ் விஷயத்தில் கணக்கு வேறு. கூடுதலாக வந்த 40 பேரிடம் தள்ளுபடி இல்லாமல் 15,000 ரூபாய் நிற்கிறது. ஃபால்ஸுக்குத் துணியும் கூலியும் சேர்த்துக் கடைக்கு 70 ரூபாய் ஆகிறது என்றால், அந்தத் தொகை 214 சேலையைத் தாங்கும். அதற்கு மேல் சேலை வந்து குவிந்தால் கைக்காசு போகும். அப்படி வரும் என்று தோன்றினால், ‘1,500 ரூபாய்க்கு மேற்பட்ட சேலைக்கு’ என்று ஒரு வரம்பு வைத்து முன்பே அச்சிட்டுக்கொள்ளலாம். நடுவில் வரம்பு போடக் கூடாது. இந்த எண்களெல்லாம் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது: எப்படியும் வரவிருந்தவர்களைக் கழித்துவிட்டு, மிச்சம் உள்ளவர்கள் கொண்டுவந்த லாபத்தில், எல்லோருக்கும் செய்த செலவைக் கழிக்க வேண்டும்.

இதில் கடைக்காரரின் கையில் இல்லாத விஷயமும் உண்டு. விலை கூடுதலாக வைத்து விற்ற கடையையும், சாயம் போகிற துணியைக் கட்டிக்கொடுத்த கடையையும் எந்த வரியும் காப்பாற்றாது. ஒரு வருஷத்தில் ஒரே ஒருமுறை, தீபாவளிக்கு மட்டும் துணி எடுக்கிற குடும்பம் எந்த வாசகத்துக்கும் கார்த்திகையில் வராது. அவர்கள் விஷயத்தில் அந்த வரி செய்யக்கூடியது, அடுத்த தீபாவளிக்கு எந்தக் கடை என்ற பேச்சு எழும்போது ‘அங்கே மாத்திக் கொடுத்தாங்க’ என்று ஒருவர் சொல்ல வைப்பது. அந்தப் பலனை இந்த வருஷக் கணக்கில் காட்ட முடியாது.

ஆகவே அச்சகத்துக்குப் போகும் முன்பே கடைக்காரர் முடிவு செய்ய வேண்டியது ஆள் கணக்கை. நவம்பர் 9 முதல் 30 வரை மாற்றும் கவுன்டரில் இரண்டு பேர், ஃபால்ஸ் தைக்க ஒரு டெய்லர். சீசன் முழுக்க நின்று உழைத்தவர்கள் லீவு கேட்கும் வாரமும் அதுதான். யாருக்கு எந்த நாள் லீவு, யார் கவுன்டரில் என்பதைப் புரட்டாசியிலேயே எழுதிவைத்துவிட்டு, பிறகு வாசகத்தை எழுதட்டும். அந்த மூன்று பேரை ஒதுக்க முடியாத கடை இந்த வாக்கை அச்சிட வேண்டாம். ‘நன்றி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டு, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியை எடுத்துவிட்டால் போதும். திரும்பி வர நினைத்தவரைத் தடுக்காமல் இருப்பதே அந்தக் கடைக்கு முதல் படி.